கடைசியில் எழுதும் பக்கம்: ஆய்வேட்டுக்கும் நூலுக்கும் ஆசிரியர் குறிப்பு எழுதும் முறை

குமரிக் கடற்கரையில் கட்டுமரம் தள்ளிய பெரியவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டான பாரைக் கண்டுபிடிக்க கணியம் பார்ப்பார்கள். கரைக்கு அருகில் ஓர் அடையாளம், அதற்குப் பின்னால் தொலைவில் இன்னோர் அடையாளம். ஒரு தேவாலயக் கோபுரமும் மலையின் ஒரு முகடும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்தால் அது ஒரு கோடு. வேறு திசையில் இதேபோல் இன்னோர் இணை நேராக வந்தால் அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பார் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமலே அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர இந்த இரண்டு கோடுகள் போதும்.

ஆசிரியர் குறிப்பு எழுதுவதைப் பற்றிச் சொல்ல வந்தவன் கணியத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தக் குறிப்பை எப்படி எழுத வேண்டும் என்று எனக்கு விளங்கவைத்தது, கணியம் பற்றிய ஒரு நூல்தான். நாகர்கோவிலில் நண்பர்களின் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். அப்படி ஒருமுறை ஒரு தமிழாசிரியையின் கையெழுத்துப்படி என்னிடம் வந்தது. ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல் நானும் அவரை டீச்சர் என்றே அழைப்பேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். கடலோடிகள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கணியத்துக்கும் பயன்படுத்தும் சொற்களை ஆராய்ந்து, பகுதிநேர ஆய்வாளராக ஏழு ஆண்டுகள் உழைத்து எழுதிய ஆய்வேடு அது. பிறகு அதை நூலாக்கினார். எல்லாம் முடிந்து, அச்சகத்துக்குப் போகும் வாரத்தில் பதிப்பாளர் தொலைபேசியில் கேட்டார்: "உங்களைப் பற்றிப் பத்து வரி அனுப்புங்கள் டீச்சர்." அன்று இரவே பழைய தன்விவரக் குறிப்பிலிருந்து வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டார். மறுநாள் அதைப் படித்தபோது அச்சை நிறுத்தச் சொல்லும் நிலை எனக்கு வந்தது. ஏன் என்பது கீழே வருகிறது.

வாசகருக்கு ஆசிரியர் குறிப்பு செய்ய வேண்டிய வேலை கணியம் செய்யும் வேலைதான்: இந்தப் பொருளை இவர் எங்கே நின்று பார்த்தார் என்று காட்டுவது. ஆசிரியருக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்பது ஒரு கோடு. எந்த வேலையைச் செய்து இதைத் தெரிந்துகொண்டார் என்பது இன்னொரு கோடு. இந்த இரண்டும் இருந்தால் நூலை எவ்வளவு நம்பலாம், எங்கே கவனமாகப் படிக்க வேண்டும் என்று வாசகரே முடிவு செய்துகொள்வார். பட்டங்களும் பரிசுகளும் இந்தக் கோடுகளில் ஒன்றைத் தொட்டால் இருக்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

முதல் படி: எந்தப் பக்கம், எங்கே வருகிறது

ஆய்வேட்டில் வரும் குறிப்பும் நூலில் வரும் குறிப்பும் வேறு வேறு. ஆய்வேட்டில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு விதிகளை. சில இடங்களில் ஆய்வாளரின் தன்விவரக் குறிப்பைக் கட்டாயமாகக் கேட்பார்கள், சில இடங்களில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. கேட்டால், பின்னிணைப்புகளுக்கு அப்பால் கடைசியில் ஒரு பக்கத்துக்குள் வையுங்கள். கேட்காத இடத்தில் நீங்களாகச் சேர்க்க வேண்டியதில்லை.

நூலில் அது எந்த இடத்தில் வரும் என்பதை அச்சுக் கணக்கு முடிவு செய்கிறது. நூல் பாரம் பாரமாக அச்சாகிறது. ஒரு பாரத்துக்குப் 16 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். டீச்சரின் நூல் 12 பாரம், அதாவது 192 பக்கம். பொருளடக்கம், முன்னுரை, சொல்லடைவு எல்லாம் சேர்ந்து 190-ஆம் பக்கத்தில் முடிந்தன. ஆகவே 191-ஆம் பக்கம் குறிப்புக்குக் கிடைத்தது. ஒற்றைப்படை எண் என்பதால் அது வலக்கைப் பக்கம், திறந்தவுடன் கண்ணில் படும். நூல் 192-இலேயே முடிந்திருந்தால், இந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரம் சேர்க்கப் பதிப்பாளர் இசைய மாட்டார். அப்போது முன்பக்கத் தலைப்புத் தாளின் பின்புறமோ பின்னட்டையோதான் வழி. பின்னட்டை என்றால் 40 சொல்லுக்குமேல் இடமிருக்காது. எனவே முதல் மெய்ப்பு வரும்போதே, குறிப்பு எந்தப் பக்கத்தில், எவ்வளவு நீளத்தில் என்று பதிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அவசரமாகக் கேட்கப்படுவதால்தான் இந்தப் பக்கம் கெட்டுப்போகிறது.

இரண்டாவது படி: எழுதுவதற்கு முன் நாட்களைச் சரிபாருங்கள்

நீண்ட வேலையின் முடிவில் நினைவு நம்மை ஏமாற்றும். எந்த ஆண்டு பதிவு செய்தோம், எப்போது களப்பணிக்குப் போனோம் என்பதெல்லாம் கலங்கிப்போயிருக்கும். ஆகவே வாக்கியம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நாட்களை மட்டும், ஆவணத்தைப் பார்த்து, எழுதுங்கள். முனைவர் பட்டத்துக்கு நான்கு நாட்கள் தனித்தனியாக இருக்கின்றன: ஆய்வேடு ஒப்படைத்த நாள், வாய்மொழித் தேர்வு நடந்த நாள், பட்டத்துக்குத் தகுதி பெற்றதாகப் பல்கலைக்கழகம் அறிவித்த நாள், பட்டமளிப்பு விழாவில் சான்றிதழ் கைக்கு வந்த நாள். டீச்சருக்கு ஒப்படைத்தது 2020, வாய்மொழித் தேர்வு 2021, விழா அதற்கும் பிறகு. அவரே மூன்று இடங்களில் மூன்று ஆண்டுகளைக் கொடுத்திருந்தார். குறிப்பில் ஓர் ஆண்டுதான் வர வேண்டும். சான்றிதழில் இருக்கும் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்; டீச்சருக்கு அது 2021.

இதிலிருந்து கண்டிப்பான ஒரு விதி பிறக்கிறது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் நீங்கள் இன்னும் முனைவர் அல்லர். அந்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயருக்கு முன் "முனைவர்" என்று எழுதினால், மதிப்பிட வேண்டிய ஏடே மதிப்பீட்டின் முடிவைச் சொல்லிவிடுகிறது. "முனைவர் பட்டத்துக்காக இந்த ஆய்வை மேற்கொண்டார்" என்பதே அந்த நாளில் உண்மையான வாக்கியம். நூல் வரும்போது இந்த வாக்கியத்தை மாற்றிக்கொள்ளலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஆய்வேட்டில் முனைவர் என்று எழுதிவிட்டு, நூலில் "முனைவர் பட்ட ஆய்வாளர்" என்ற பழைய வரியை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

பட்டம் எங்கே பெற்றது என்பதையும் சரியாக எழுதுங்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் ஆய்வு செய்வது ஒரு கல்லூரியின் ஆய்வு மையத்தில், பட்டம் வழங்குவது திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். "கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார்" என்று எழுதுவது பிழை. கல்லூரியில் ஆய்வு செய்தார், பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இடம் குறைவென்றால் பல்கலைக்கழகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: பெயர்

ஆய்வேட்டில் உங்கள் பெயர் சான்றிதழ்படி இருக்கும். தந்தை பெயரின் முதலெழுத்து, சில வேளை ஊரின் முதலெழுத்தும். நூலில் முதலெழுத்தை விட்டுவிட்டோ புனைபெயரிலோ எழுதுவீர்கள். பின்னாளில் நூலைப் படித்த ஓர் ஆய்வு மாணவர் மூல ஆய்வேட்டைத் தேடினால், இரண்டும் ஒருவருடையவைதாமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆங்கில எழுத்தில் பெயர் இன்னும் சிக்கலாகிறது. ஒரே தமிழ்ப் பெயரை நான்கு விதமாக எழுதலாம், அந்த நான்கையும் நாமே நான்கு கட்டுரைகளில் எழுதியிருப்போம். எனவே குறிப்பில் ஒரு வாக்கியம் போதும்: ஆய்வேட்டில் இவர் பெயர் இன்னவாறு பதிவாகியிருக்கிறது. திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிய பெண்களுக்கு இந்த வாக்கியம் மிகவும் தேவை. முன்பு எழுதிய கட்டுரைகள் வேறொருவருடையவை என்று ஆகிவிடக் கூடாதல்லவா?

நான்காவது படி: முதல் வரைவும் அதில் நடந்த வெட்டும்

டீச்சர் அனுப்பிய குறிப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது. பெயரையும் ஊரையும் நான் எடுத்துவிட்டிருக்கிறேன்.

"முனைவர் (பெயர்) அவர்கள் கன்னியாகுமரி மாவட்டம் (ஊர்ப்பெயர்) கிராமத்தில் 1984 மே மாதம் பிறந்தார். தந்தை மீன்பிடித் தொழிலாளி. பள்ளிப் படிப்பைச் சொந்த ஊரிலும் கல்லூரிப் படிப்பை நாகர்கோவிலிலும் பயின்றார். எம்.ஏ., பி.எட்., எம்.பில்., பிஎச்.டி. பட்டங்களைப் பெற்றவர். தற்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் கடந்த 14 ஆண்டுகளாகச் சிறப்பாகப் பணியாற்றி வருகிறார். பல்வேறு கருத்தரங்குகளில் 22 கட்டுரைகள் வழங்கியுள்ளார். சிறந்த பேச்சாளர், கவிஞர், சமூக ஆர்வலர். கணவரும் இரண்டு பிள்ளைகளும் இவருடைய எழுத்துப் பணிக்கு உறுதுணையாக இருக்கின்றனர்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நூலின் பொருளைத் தொடும் வாக்கியம் ஒன்றே ஒன்று: தந்தை மீன்பிடித் தொழிலாளி. அதுவும் வெறும் தகவலாக நின்றுவிட்டது. கடற்கரையில் அலைந்து திரட்டிய உழைப்பைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. வேறு பெயரைப் போட்டால் வேறு எந்த ஆசிரியருக்கும் இந்தக் குறிப்பு பொருந்தும். உங்கள் வரைவையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். பெயரை மறைத்துவிட்டு, உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, "இந்த நூல் எதைப் பற்றியது?" என்று கேளுங்கள். அவர் சொல்ல முடியாவிட்டால் குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை.

ஒவ்வொரு வரியாக எடுத்தோம். "எம்.ஏ., பி.எட்., எம்.பில்." என்ற அடுக்கு போனது, முனைவர் பட்டம் பெற்றவர் முதுகலை படித்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். "22 கட்டுரைகள்" போனது. அவற்றில் இந்த நூலுக்கு நேராக உதவியது இரண்டுதான், அவற்றை முன்னுரையிலேயே சொல்லியிருந்தார். "சிறந்த", "சிறப்பாக" இரண்டும் போயின. படர்க்கையில் எழுதினாலும் இந்தக் குறிப்பை ஆசிரியரே எழுதுகிறார் என்பது வாசகருக்குத் தெரியும். அதில் வரும் பாராட்டு ஆசிரியர் தன்னைத் தானே பாராட்டிக்கொள்வதாகவே படும். "அவர்கள்" என்ற மரியாதைச் சொல்லும் அதே காரணத்தால் வேண்டாம். "இவர்", "பிறந்தவர்" என்ற அளவு மரியாதை தமிழில் இயல்பாகவே வந்துவிடுகிறது.

"கடந்த 14 ஆண்டுகளாக" என்பது தனியாகச் சொல்ல வேண்டிய பிழை. அச்சான நாளில் அது சரி. நூல் ஐந்து ஆண்டு கழித்து நூலகத்தில் எடுக்கப்படும்போது அது தவறாகியிருக்கும், தவறு என்று தெரியவும் வழியில்லை. "2009 முதல்" என்று எழுதினால் என்றும் சரியாக இருக்கும். "தற்போது", "அண்மையில்", "விரைவில் வெளிவரவிருக்கும்" ஆகிய சொற்களுக்கும் இதே கதிதான். என்னுடைய நூல் ஒன்றின் இரண்டாம் பதிப்பில், நான் விட்டுவந்து மூன்று ஆண்டுகளான வேலையில் "தற்போது பணிபுரிகிறார்" என்று அச்சாகியிருந்தது. முதல் பதிப்பின் கோப்பையே திருத்தாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்த வரியை எழுதியவன் நான் என்பதால் திருத்த வேண்டியவனும் நானே.

ஐந்தாவது படி: சொல்லத் தயங்கும் ஒரு வரி

இரண்டு கோடுகளை எழுதத் தொடங்கியபோது டீச்சர் ஓர் இடத்தில் நின்றார். கடலோடிகளின் சொற்களைப் பற்றி எழுதுகிறவர், தாம் கடலில் தொழில் செய்ததில்லை. நம் கடற்கரையில் மீன் விற்பதும் கருவாடு போடுவதும் வலை சீர்செய்வதும் பெண்களின் உழைப்பில் நடக்கின்றன, ஆனால் மரமேறி ஆழ்கடலுக்குப் போனவர்கள் ஆண்கள். கணியத்தை அவர் பார்த்தே அறிந்ததில்லை, கேட்டு அறிந்தவர்.

"அதை எழுதினால் குறையாகத் தெரியாதா சார்?" என்று கேட்டார்.

நூலைப் படிப்பவர்களில் ஒருவராவது கடலில் போனவராக இருப்பார். ஏதேனும் ஒரு சொல்லின் விளக்கம் அவர் அனுபவத்தோடு சற்றே விலகும்போது, ஆசிரியர் கேட்டதைப் பதிந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் திருத்தம் எழுதி அனுப்புவார். தெரியாவிட்டால் நூல் முழுவதையும் தள்ளிவிடுவார். ஆகவே அந்த வரி உள்ளே வந்தது: "கடலுக்குச் சென்று தொழில் செய்தவர் அல்லர்." ஆறு சொல்கூட இல்லாத இந்த வரிதான் அந்தப் பக்கத்தின் இரண்டாவது கோட்டை நேராக நிறுத்துகிறது. உங்கள் ஆய்விலும் இப்படி ஓர் எல்லை இருக்கும். தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி எழுதுபவர் பூ பயிரிட்டவரா, வாங்கி விற்றவரா, வெளியிலிருந்து கணக்கெடுத்தவரா? பேச்சிப்பாறை நீர்ப் பங்கீட்டைப் பற்றி எழுதுபவர் கால்வாயின் தலைமடையிலிருந்து வந்தவரா, கடைமடையிலிருந்து வந்தவரா? இந்த வேறுபாடு நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் வேலை செய்திருக்கும்; ஆசிரியர் குறிப்பில் மட்டும் மறைந்திருக்கக் கூடாது.

ஆறாவது படி: எதைச் சொல்லக் கூடாது

அச்சை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான்.

கணியம் ஒரு குடும்பச் சொத்து. எந்தக் கோபுரத்துக்கு எந்த முகடு நேராக வந்தால் எந்தப் பாரில் எந்த மீன் என்பதைக் கடலோடிகள் அந்நியருக்குச் சொல்வதில்லை, பக்கத்து ஊருக்கும் சொல்வதில்லை. டீச்சரிடம் 31 பெரியவர்கள் சொன்னார்கள். ஊர்ப் பெயர்களை வெளியிடுவதில்லை என்று அவர் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நூலில் நான்கு ஊர்களும் முதலாம் ஊர், இரண்டாம் ஊர் என்று எண்களாகவே வருகின்றன. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் இடத்தில், "இரண்டாம் ஊர் ஆய்வாளரின் பிறந்த ஊர் என்பதால் அங்கே தரவு திரட்டுவது எளிதாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். ஆய்வு முறையைச் சொல்லும் நேர்மையான வாக்கியம்தான். ஆசிரியர் குறிப்போ, அவர் பிறந்த ஊரின் பெயரைச் சொல்கிறது. ஒரு கோடு அத்தியாயத்தில், ஒரு கோடு கடைசிப் பக்கத்தில். இரண்டும் வெட்டும் இடத்தில் ஊர் தெரிந்துவிட்டது. ஊர் தெரிந்தால் அந்தப் பெரியவர்கள் யார் என்பதும், அவர்கள் சொன்ன கணியம் எந்தக் கடலுக்கு உரியது என்பதும் தெரிந்துவிடும்.

மக்களிடம் கேட்டு எழுதிய எந்த ஆய்வுக்கும் இந்த ஆபத்து உண்டு. கைவைத்தியம், கள்ளிறக்குதல், குடும்ப வழக்குகள், நோயாளிகளின் அனுபவம் என எதைப் பற்றி எழுதினாலும் இதுதான் நிலை. கடைசியாக எழுதுவதால் ஆசிரியர் குறிப்பை யாரும் ஆய்வின் பகுதியாக நினைப்பதில்லை. நெறியாளரும் அதைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அது அதே அட்டைகளுக்குள் இருக்கிறது.

சரிபார்க்கும் முறை எளிது, ஒரு மாலை நேரம் போதும். ஒரு தாளில், நூலின் எந்தெந்த இடங்கள் உங்களைப் பற்றிப் பேசுகின்றன என்று எழுதுங்கள்: சமர்ப்பணம், நன்றியுரை, முன்னுரை, ஆய்வு முறை அத்தியாயம், படக் குறிப்புகள், ஆசிரியர் குறிப்பு, ஆசிரியரின் படம். ஒவ்வொன்றும் ஊர், குடும்பம், தொழில், தேதி பற்றி என்ன சொல்கிறது என்று எதிரே குறியுங்கள். பிறகு எந்த இரண்டு சேர்ந்தால் நீங்கள் மறைத்த ஒன்று வெளிப்படுகிறது என்று பாருங்கள். டீச்சரின் நூலில் நான்கு இடங்கள் மாட்டின. ஆசிரியர் குறிப்பு ஒன்று. நன்றியுரையில் "எங்கள் பங்குத்தந்தைக்கு" என்று தொடங்கி அவருடைய பெயரும் வந்திருந்தது. அந்தப் பெயரிலிருந்து பங்கைக் கண்டுபிடிப்பது நம் கடற்கரையில் யாருக்கும் கடினமில்லை. சமர்ப்பணத்தில் தந்தையின் முழுப் பெயர். நாலாவதை நாங்கள் இருவருமே முதலில் கவனிக்கவில்லை. ஆசிரியர் படத்தில் அவருக்குப் பின்னால் ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் தெளிவாகத் தெரிந்தது. கணியத்துக்கே அடையாளமாகும் கோபுரம் அது.

எதை மாற்றுவது என்பதில் ஒரு முறை உண்டு. ஆய்வு முறை வாக்கியத்தைத் தொடக் கூடாது, ஏனென்றால் சொந்த ஊரில் தரவு திரட்டினார் என்பது வாசகருக்குத் தேவையான உண்மை. மாற வேண்டியது மற்ற இடங்களே. குறிப்பில் ஊர்ப் பெயர் போய் "குமரிக் கடற்கரை" வந்தது. ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரை ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளத்தில் அத்தனை ஊர்கள் இருப்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது, அவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் மறைக்காது. பங்குத்தந்தையின் பெயர் நன்றியுரையிலிருந்து போனது. அவரை நேரில் சந்தித்து டீச்சர் காரணம் சொன்னார். சமர்ப்பணம் "அப்பாவுக்கு" என்று மட்டும் ஆனது. படம் வெள்ளைச் சுவரின் முன் மறுபடி எடுக்கப்பட்டது.

ஊர்ப் பெயரை எழுதுவதில் நம் மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னாலே எந்தச் சமூகம், எந்தச் சமயம் என்று பலரும் ஊகித்துவிடுவார்கள். அது வெளியே தெரிய வேண்டும் என்று விரும்பினால், பொருளோடு உறவுள்ள வாக்கியமாக நீங்களே எழுதுங்கள். விரும்பாவிட்டால், ஊர்ப் பெயர் தானாகச் சொல்லிவிடும் என்பதை அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஆய்வேட்டுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி முனைவர் பட்ட ஆய்வேடுகள் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்துக்குப் போகின்றன. அந்த மையம் நடத்தும் சோத்கங்கா மின்களஞ்சியத்தில் அவற்றை யாரும் எப்போதும் பதிவிறக்கலாம். பழைய பழக்கத்தில் ஆய்வேட்டின் தன்விவரப் பக்கத்தில் பிறந்த தேதி, தந்தை பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பக்கமும் மற்ற பகுதிகளோடு பதிவேறும், பிறகு எடுக்க முடியாது. பல்கலைக்கழகம் கேட்டால் அந்த விவரங்களை விண்ணப்பத்தில் கொடுங்கள், ஏட்டுக்குள் வைக்காதீர்கள். நூலில் தொடர்புக்கு ஏதேனும் வேண்டுமென்றால், நூலுக்கென்றே தொடங்கிய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

ஏழாவது படி: மறுபடி எழுதிய பக்கம்

இறுதியில் 191-ஆம் பக்கத்தில் வந்தது இது.

"(பெயர்) குமரிக் கடற்கரையில் கட்டுமரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். காற்றையும் நீரோட்டத்தையும் கணியத்தையும் பற்றிய சொற்களை முதலில் தந்தையிடம் கேட்டு அறிந்தார். கடலுக்குச் சென்று தொழில் செய்தவர் அல்லர். 2014 முதல் 2018 வரை நான்கு கடலோர ஊர்களில் 31 மூத்த கடலோடிகளைச் சந்தித்து இந்நூலில் உள்ள சொற்களைத் திரட்டினார். அந்தச் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேட்டுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2021-இல் முனைவர் பட்டம் வழங்கியது. ஆய்வேட்டில் இவர் பெயர் (சான்றிதழ்ப் பெயர்) என்று பதிவாகியிருக்கிறது. 2009-இல் அரசுப் பள்ளித் தமிழாசிரியரானார். இது இவருடைய முதல் நூல்."

முதல் வரைவைவிட இது சில சொற்களே நீளம். கணவரும் பிள்ளைகளும் இதில் இல்லை என்பதில் டீச்சருக்கு வருத்தம் இருந்தது. அவர்களுக்குரிய இடம் நன்றியுரை. அங்கே அவர்களைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினார், அது குறிப்பில் வந்திருக்கக்கூடிய ஒற்றை வரியைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது.

பின்னட்டைக்குச் சுருக்கும்போது கடைசியிலிருந்து வெட்டாதீர்கள். முதலில் போக வேண்டியவை பணியும் பட்டமும். கடைசிவரை நிற்க வேண்டியவை அந்த இரண்டு கோடுகள். டீச்சரின் சிறு குறிப்பு இப்படி ஆனது: "கட்டுமரக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு கடலோர ஊர்களில் 31 மூத்த கடலோடிகளிடம் ஐந்து ஆண்டுகள் கேட்டுத் திரட்டிய சொற்களே இந்நூல்." இதில் பட்டம் இல்லை. அட்டையில் பெயருக்கு முன் "முனைவர்" போடலாமா என்று பதிப்பாளர் கேட்டார். உள்ளே பட்டம் பற்றிய வாக்கியம் இருப்பதால் அட்டையில் வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டார்.

எட்டாவது படி: யாரிடம் காட்டுவது

இருவரிடம் காட்டுங்கள். ஒருவர் நெறியாளர் அல்லது துறையில் உள்ளவர். ஆண்டையும் பெயரையும் அவர் சரிபார்ப்பார். இன்னொருவர் நீங்கள் எழுதிய மக்களில் ஒருவர். டீச்சர் தாம் சந்தித்த பெரியவர்களில் ஒருவருக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். "31 கடலோடிகள்" என்ற இடத்தில் அவர் நிறுத்தி, அதில் இருவர் இப்போது இல்லை என்றார். எண் தவறில்லை, சந்தித்தபோது இருந்தார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக டீச்சர் முன்னுரைக்குத் திரும்பிப் போய், அவர்களுக்கு அஞ்சலியாக, பெயர் சொல்லாமல், இரண்டு வரி சேர்த்தார். பக்க எண் மாறாமல் இருக்க முன்னுரையில் வேறு இரண்டு வரிகளை வெட்ட வேண்டியிருந்தது.

கடைசி மெய்ப்பில் இந்தப் பக்கத்தைத் தனியாக ஒருமுறை படியுங்கள். நூலின் மற்றப் பக்கங்களைப் பத்து முறை திருத்தியிருப்பீர்கள், இது ஒரே முறைதான் தட்டச்சாகியிருக்கும். பிழைகள் நிற்பது இங்கேதான்: ஆண்டில் ஓர் இலக்கம் மாறியிருக்கும், முதலெழுத்துக்குப் பின் புள்ளி விடுபட்டிருக்கும், பல்கலைக்கழகப் பெயரில் ஒற்று மிகுந்திருக்கும். அட்டையிலும் தலைப்புத் தாளிலும் ஆசிரியர் குறிப்புப் பக்கத்திலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாம் சரியானதும் நீளக் குறிப்பு, பின்னட்டைக் குறிப்பு இரண்டையும் அன்றைய தேதியோடு ஒரே கோப்பில் வைத்துப் பதிப்பாளருக்கும் ஒரு படி அனுப்பிவிடுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது அவர்கள் எடுப்பது அந்தக் கோப்பைத்தான்.